சென்ட், கிரவுண்டை ஏக்கர், சதுரடியில் எழுதுவது எப்படி: முதல்முறை செய்பவர்களுக்கு

அப்பா 1987-இல் செங்கல்பட்டுப் பக்கம் வாங்கிய மனையை விற்க, சிங்கப்பூரில் இருக்கும் அக்காவிடமிருந்து எனக்கு ஒரு பொது அதிகாரப் பத்திரம் தேவைப்பட்டது. அதை ஆங்கிலத்தில் தயார் செய்தோம். சொத்து விவரத்தில் ஒரே ஒரு வரி தவறாகிவிட்டது. பட்டாவில் இருந்த 0-04.50 என்பதை டைப் செய்தவர் நாலரை சென்ட் என்று எடுத்துக்கொண்டு, 0.045 ஏக்கர், 1960 சதுரடி என்று அடித்துவிட்டார். பத்திரத்திலோ 11 சென்ட். நானும் சரிபார்க்கவில்லை. அக்கா விடுப்பு எடுத்துக்கொண்டு தூதரகத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பிய தாளை, பதிவு செய்யப் போன இடத்தில் பார்த்த நிமிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்ததில் ஏழு வாரம் போனது.

ஊரில் எல்லோரும் சென்ட், கிரவுண்டு என்று சரளமாகப் பேசுகிறோம். எழுத்தில், அதுவும் ஆங்கிலத்தில், அதை இறக்கும்போதுதான் தடுக்கி விழுகிறோம். நான் விழுந்த இடங்களை வரிசையாகச் சொல்கிறேன். சட்டக் கருத்து வழக்கறிஞரிடம் வாங்கிக்கொள்ளுங்கள்; இங்கே அளவை மட்டும் பார்ப்போம்.

1. முதலில் நாலு எண்கள்

ஒரு ஏக்கர் 43,560 சதுரடி. அதில் நூறில் ஒரு பங்குதான் சென்ட், அதாவது 435.6 சதுரடி. ஒரு கிரவுண்டு 2,400 சதுரடி. ஒரு சதுர மீட்டர் 10.764 சதுரடி. இந்த நாலும் போதும், மற்றதெல்லாம் இவற்றிலிருந்தே வந்துவிடும். ஒரு கிரவுண்டு ஏறக்குறைய ஐந்தரை சென்ட் (சரியாகச் சொன்னால் 5.51), ஒரு ஏக்கருக்குப் பதினெட்டுக் கிரவுண்டும் கொஞ்சமும்.

பேச்சில் "சென்ட்டுன்னா 435" என்பார்கள், சிலர் 436 என்பார்கள். நிலம் பார்க்கப் போகும்போது அது பரவாயில்லை. எழுதும்போது 435.6-ஐ விடாதீர்கள். இன்னொன்று, முழுமையாக்குவதைக் கடைசியில் ஒரே ஒரு தடவை செய்யுங்கள். கிரவுண்டை ஐந்தரை சென்ட்டாக்கி, அந்தச் சென்ட்டை 435-ஆல் பெருக்கினால் 2,400 திரும்ப வராது, 2,392தான் வரும். ஒரு கிரவுண்டுக்கே எட்டுச் சதுரடி காணாமல் போகிறது.

விலைக்கும் இதே கணக்குதான். புறநகரில் சதுரடி விலையோ கிரவுண்டு விலையோ சொல்வார்கள், கொஞ்சம் தள்ளிப் போனால் சென்ட் விலை. சென்ட் 6 லட்சம் என்றால் சதுரடி சுமார் 1,377 ரூபாய். கிரவுண்டு 60 லட்சம் என்றால் சதுரடி 2,500. இரண்டையும் சதுரடிக்குக் கொண்டுவந்த பிறகுதான் ஒப்பிட வேண்டும்.

2. எந்தத் தாள் எந்த அளவில் பேசுகிறது

எழுத உட்காரும் முன் நாலு தாள்களை மேசைமேல் பரப்பிக்கொள்ளுங்கள். கிரயப் பத்திரம், அதற்கு முந்தைய மூலப்பத்திரம், பட்டா, நிலத்தின் வடிவத்தையும் பக்க அளவையும் காட்டும் புலப்படம். வில்லங்கச் சான்றிதழும் இருந்தால் நல்லது.

ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவில் இருக்கும். பத்திரத்தில் சென்ட்டும் அடியும் இருக்கும். கிராமப் பட்டாவில் ஹெக்டேரும் ஏரும். நகரப் பகுதியாக இருந்தால் சதுர மீட்டர். புலப்படத்தில் பக்க நீளங்கள் மீட்டரில் இருக்கும். கிரவுண்டு என்ற சொல் கிராமப் பட்டாவில் வராது. சென்னைப் பக்கத்துப் பத்திரங்களிலும் பேச்சிலும்தான் வரும்.

பட்டாவும் கிராமங்களின் புலப்படமும் eservices.tn.gov.in தளத்தில் கிடைக்கும். மாவட்டம், வட்டம், கிராமம், புல எண், உட்பிரிவு எண் தெரிந்தால் போதும். வில்லங்கத்தை tnreginet.gov.in தளத்தில் கட்டணமில்லாமல் பார்க்கலாம், கையொப்பமிட்ட நகல் வேண்டுமானால்தான் பணம். பத்திரத்தில் பழைய சர்வே எண் இருந்து, பட்டாவில் புதிய எண் இருந்தால், இரண்டும் ஒரே நிலம்தான் என்பதைக் கிராம நிர்வாக அலுவலரிடம் உறுதி செய்துகொண்ட பிறகு அடுத்த வேலைக்குப் போங்கள். அளவை மாற்றுவது அப்புறம்.

3. பட்டாவில் இருக்கும் எண்

எங்களைக் கவிழ்த்தது இதுதான். பட்டாவில் பரப்பு என்ற இடத்தில் 0-04.50 என்று இருக்கும். கோட்டுக்கு முன்னால் இருப்பது ஹெக்டேர், பின்னால் இருப்பது ஏர். ஒரு ஹெக்டேர் நூறு ஏர், ஒரு ஏர் நூறு சதுர மீட்டர். ஏக்கருக்கும் நூறு சென்ட் என்பதால் கண் ஏமாந்துவிடுகிறது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் ஒரு ஏர் 2.47 சென்ட். ஏரைச் சென்ட்டாகப் படித்தால் சொத்தில் பாதிக்கு மேல் காணாமல் போய்விடும்.

எங்கள் மனையையே எடுத்துக்கொள்ளுங்கள். 4.50 ஏர் என்பது 450 சதுர மீட்டர். 10.764-ஆல் பெருக்கினால் 4,844 சதுரடி. அதை 435.6-ஆல் வகுத்தால் 11.12 சென்ட். பத்திரத்தில் 11 சென்ட், அதாவது 4,792 சதுரடி.

மீதி ஐம்பது சதுரடி எங்கிருந்து வந்தது என்று நான் இரண்டு நாள் மண்டையைக் குடைந்தேன். எங்கிருந்தும் வரவில்லை. பதினொரு சென்ட்டை ஏராக்கினால் 4.45 வரும். பல கிராமப் பட்டாக்களில் பரப்பை அரை ஏருக்கு முழுமையாக்கி எழுதியிருப்பார்கள். 4.45 அப்படித்தான் 4.50 ஆகியிருக்கிறது. ஆகவே பட்டாவுக்கும் பத்திரத்துக்கும் நடுவே அரை சென்ட் அளவுக்கு வித்தியாசம் இருந்தால் முதலில் இந்த முழுமையாக்கலைச் சந்தேகப்படுங்கள். இரண்டு மூன்று சென்ட் வித்தியாசம் என்றால் விஷயம் வேறு. அப்போது நிலத்தில் ஒரு பகுதி ஏற்கெனவே விற்கப்பட்டிருக்கலாம், அல்லது உட்பிரிவு தவறாக இருக்கலாம். வில்லங்கத்தைத் திரும்பிப் பாருங்கள்.

4. பழைய பத்திரத்தின் புள்ளி

அம்மா வழி நிலத்தின் பழைய பத்திரத்தில் "ஏக்கர் 1.5" என்று ஒரு வரி. இன்று படிக்கிற யாரும் ஒன்றரை ஏக்கர் என்றுதான் சொல்வார்கள். அந்தப் பத்திரத்தை எழுதியவர் சொல்லவந்தது ஒரு ஏக்கர் ஐந்து சென்ட். பழைய எழுத்தர்கள் பலர் ரூபாய்க்கும் பைசாவுக்கும் நடுவே வைப்பதுபோல ஏக்கருக்கும் சென்ட்டுக்கும் நடுவே அந்தப் புள்ளியை வைத்தார்கள். ஒற்றை இலக்கச் சென்ட்டுக்கு முன்னால் பூஜ்யம் போடுகிற பழக்கம் எல்லோருக்கும் இல்லை. இதை அப்படியே ஆங்கிலத்தில் தட்டினால் 45 சென்ட் நிலம் இல்லாத இடத்தில் முளைத்துவிடும்.

எப்படிக் கண்டுபிடிப்பது? அதே பத்திரத்தில் கூட்டுத்தொகை இருக்கிறதா என்று பாருங்கள். எங்கள் பத்திரத்தில் இரண்டு உட்பிரிவுகள், இரண்டுக்கும் 1.5 என்று போட்டு, கீழே "ஆக ஏக்கர் 2.10" என்று இருந்தது. ஒன்றரையும் ஒன்றரையும் மூன்று. 1.05-ம் 1.05-ம் சேர்ந்தால்தான் 2.10. கூட்டுத்தொகை இல்லையென்றால், அந்தப் புல எண்ணின் மொத்தப் பரப்பைக் கிராமத்தின் நிலப் பதிவேடான அ-பதிவேட்டில் பார்த்து, ஏக்கராக மாற்றி ஒப்பிடுங்கள்.

ஆங்கிலத்தில் எழுதும்போது இந்தக் குழப்பத்தை அடுத்தவருக்கு விட்டுவைக்காதீர்கள். 1.05 என்று இரண்டு இலக்கத்தில் எழுதி, பக்கத்திலேயே "ஒரு ஏக்கர் ஐந்து சென்ட்" என்பதற்கு நேரான ஆங்கிலத்தை எழுத்தாலும் எழுதுங்கள். ஏக்கருக்குக் குறைந்த மனைக்கும் இதே எச்சரிக்கைதான். ஐந்தரை சென்ட் என்பது 0.055 ஏக்கர். 0.55 என்று அடித்தால் பத்து மடங்காகிவிடும்.

5. நாலு பக்க அளவு: டேப் பிடித்துப் பார்க்க வேண்டிய இடம்

எங்கள் மனையைப் பற்றிப் பெரியப்பாவைக் கேட்டால் "ரெண்டு கிரவுண்டு, கணக்கா இருக்கும்" என்பார். அவர் சொன்னது பத்திரத்தில் இருந்ததுதான். அதில் இப்படி இருந்தது: கிழமேலடி வடபுறம் 64, தென்புறம் 56, தென்வடலடி கீழ்புறம் 82, மேல்புறம் 78, ஆக 4,800 சதுரடி. கிழமேலடி என்றால் கிழக்கு மேற்காகப் போகும் நீளம், தென்வடலடி என்றால் தெற்கு வடக்காக.

அந்த 4,800 எப்படி வந்தது? 64-க்கும் 56-க்கும் சராசரி 60. 82-க்கும் 78-க்கும் சராசரி 80. அறுபதை எண்பதால் பெருக்கினார்கள். ஊரெல்லாம் இப்படித்தான் கணக்குப் போடுகிறார்கள். மனை சரியான செவ்வகமாக இருந்தால் இது சரி. மூலை கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் இந்தக் கணக்கு உண்மையான பரப்பைவிடக் கூடுதலாகத்தான் காட்டும். குறைத்துக் காட்டவே காட்டாது. அதனால் விற்பவருக்கு ஒன்றும் தெரிவதில்லை, வாங்குபவருக்குத்தான் இழப்பு.

உண்மையைத் தெரிந்துகொள்ள நாலு பக்கம் போதாது, ஐந்தாவதாக ஒரு மூலைவிட்டம் வேண்டும். ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்குக் குறுக்கே அளக்க வேண்டும். நானும் என் நண்பரும் நூறு அடி டேப்போடு போனோம். தென்மேற்கு மூலைக் கல்லிலிருந்து வடகிழக்கு மூலைக் கல் வரை, நடுவில் இருந்த வேப்பங்கன்றைத் தொடாமல் டேப்பை இழுத்துப் பிடித்தோம். 90 அடி. தென்கிழக்கு மூலை நேர்கோணமாக இருந்திருந்தால் அது 99 அடி வந்திருக்க வேண்டும். அங்கேயே மனை சாய்ந்திருப்பது தெரிந்துவிட்டது.

மூலைவிட்டம் மனையை இரண்டு முக்கோணமாகப் பிரிக்கிறது. மூன்று பக்கம் தெரிந்த முக்கோணத்தின் பரப்புக்குப் பள்ளியில் படித்த சூத்திரம்தான். மூன்று பக்கத்தையும் கூட்டிப் பாதியாக்கினால் s.

```
s = (a + b + c) / 2
பரப்பு = √( s × (s−a) × (s−b) × (s−c) )

56, 82, 90  →  s = 114  →  2253 சதுரடி
64, 78, 90  →  s = 116  →  2441 சதுரடி
```

இரண்டும் சேர்ந்து சுமார் 4,695 சதுரடி, அதாவது 10.78 சென்ட். பத்திரக் கணக்குக்கு 105 சதுரடி குறைவு. சதுரடி 3,000 ரூபாய் என்று பேசினால் 3 லட்சத்து 15 ஆயிரம் ரூபாய். வாங்க வந்தவர் தன் ஆளை வைத்து அளந்தபோது இது எப்படியும் வெளியே வந்திருக்கும். முன்கூட்டியே எங்களுக்குத் தெரிந்திருந்ததால் விலை பேசும்போது மனக்கசப்பு வரவில்லை.

டேப் அளவை உங்கள் தெளிவுக்காக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். தாளில் எழுத உரிமம் பெற்ற சர்வேயரின் வரைபடம் வேண்டும். புலப்படம் கையில் இருந்தால் அதிலிருக்கும் மீட்டர் நீளத்தை 3.28-ஆல் பெருக்கி, அளந்த அடியோடு ஒப்பிடுங்கள். பழைய புலப்பட நகலில் எண்கள் பொருந்தவே இல்லையென்றால் அது லிங்க் கணக்காக இருக்கலாம். ஒரு லிங்க் 0.66 அடி. 64 அடிப் பக்கம் மீட்டரில் 19.5 என்றும் லிங்கில் 97 என்றும் வரும், பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

6. ஆங்கிலத்தில் எழுதும் வரிசை

இப்போது கையில் மூன்று எண்கள் இருக்கின்றன. பத்திரப்படி 11 சென்ட், பட்டாப்படி 4.50 ஏர், அளந்தபடி 4,695 சதுரடி. மூன்றையும் சமரசம் செய்து ஒரு புது எண்ணை உருவாக்கத் தோன்றும். செய்யாதீர்கள். எந்தத் தாளிலும் இல்லாத எண்ணை எழுதினால் அடுத்து வருகிற ஒவ்வொருவரும் அதைக் கேள்வி கேட்பார்கள்.

நான் இரண்டாம் முறை எழுதிய வரிசை இது. முதலில் பத்திரத்தின் பரப்பு, அதில் இருக்கும் அதே அலகில், 11 சென்ட் என்றே. ஆங்கிலத்திலும் சென்ட்டைச் சென்ட் என்றே எழுதலாம், அது இங்கே எல்லோரும் ஏற்கிற சொல். அதை ஒட்டி 0.11 ஏக்கர், 4,792 சதுரடி என்று இரண்டு மாற்றங்கள். அடுத்த வாக்கியத்தில் "பட்டாப்படி" என்று சொல்லி ஹெக்டேரும் சதுர மீட்டரும். கடைசியாக "நேரில் அளந்தபடி" என்று சொல்லி சதுரடி, கூடவே நாலு பக்க நீளமும். பத்திரத்தில் இருந்த 4,800-ஐயும் மறைக்காமல், பத்திரத்தில் கண்டுள்ளபடி என்று எழுதிவிட்டேன். எந்த எண் எந்தத் தாளிலிருந்து வந்தது என்று தெளிவாக இருந்ததால் இரண்டாம் முறை யாரும் எதுவும் கேட்கவில்லை.

கிரவுண்டை மட்டும் தனியாக எழுதாதீர்கள். சென்னைக்கு வெளியே ஆங்கிலத்தில் படிப்பவருக்கு அது நிலம் என்ற பொதுச்சொல்லாகவே படும். சதுரடியைச் சொல்லிவிட்டு, கூடவே வேண்டுமானால் கிரவுண்டு.

இதே பத்தியில் இன்னொரு பொறி இருக்கிறது, அது நான்கெல்லை. தமிழ்ப் பத்திரத்தில் "பொதுப்பாதைக்குக் கிழக்கு" என்று இருந்தால், நம் மனை பாதைக்குக் கிழக்கே இருக்கிறது என்று பொருள். அப்படியானால் பாதை நமக்கு மேற்கு எல்லை. ஆங்கிலப் படிவத்திலோ "கிழக்கில்" என்று போட்டு எதிரே என்ன இருக்கிறது என்று கேட்பார்கள். அவசரத்தில் கிழக்குக்கு எதிரே பாதை என்று அடித்துவிடுவார்கள். மனை அப்படியே பாதைக்கு அந்தப்பக்கம் போய்விடும். எங்கள் முதல் தாளில் இதுவும் நடந்திருந்தது, திருப்பிக் கொடுத்த பிறகுதான் கவனித்தோம். பரப்பும் எல்லையும் முரண்பட்டால் பொதுவாக எல்லைக்குத்தான் மதிப்பு அதிகம் என்பதால், பரப்பைவிட இதில் கூடுதல் கவனம் வையுங்கள். தாளில் ஒரு சின்னப் படம் வரைந்து, நாலு பக்கமும் எழுதி, பிறகு ஆங்கிலத்துக்குப் போங்கள்.

7. குழி, மா என்று இருந்தால்

தஞ்சைப் பக்கத்துப் பத்திரம் என்றால் குழியும் மாவும் வரும். அங்கே ஒரு குழி 12 அடிக்கு 12 அடி, 144 சதுரடி. மூன்று குழி ஏறக்குறைய ஒரு சென்ட். நூறு குழி ஒரு மா, அதாவது 33 சென்ட். ஆனால் புதுச்சேரிக் குழி 576 சதுரடி, நாலு மடங்கு. ஆகவே சொல்லைப் பார்த்து மாற்றாதீர்கள். ஊரைப் பார்த்து, பட்டாவின் ஏரோடு ஒத்துப்போகிறதா என்று சோதித்த பிறகே எழுதுங்கள்.

8. செலவும் நாளும்

எனக்கு ஆனதைச் சொல்கிறேன். தனியார் சர்வேயருக்கு 5,000 ரூபாய், வரைபடம் மூன்று நாளில் வந்தது. ஆங்கிலத் தாள் தயாரிக்க வழக்கறிஞருக்கு 3,000. கூரியர் போக வர 4,500. இதில் கூரியரும் வழக்கறிஞர் கட்டணமும் எனக்கு இரண்டு தடவை ஆனது.

வெளிநாட்டில் கையெழுத்தான அதிகாரப் பத்திரம் இந்தியா வந்து சேர்ந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் அதற்கு முத்திரைத் தீர்வை செலுத்தியாக வேண்டும். அளவை ஒப்பிடும் வேலையை அந்த மூன்று மாதத்துக்குள் வைத்துக்கொள்ளாமல், தாளை அனுப்புவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். உறையைப் பத்திரப்படுத்துங்கள், வந்து சேர்ந்த தேதிக்கு அதுதான் சான்று.

கிரயம் என்று வரும்போது பரப்பு நேராகப் பணமாகிறது. தமிழ்நாட்டில் கிரயத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். வழிகாட்டி மதிப்பு சதுரடி 1,500 ரூபாய் என்று வையுங்கள். பட்டாவின் 4,844-க்கும் அளந்த 4,695-க்கும் வித்தியாசம் 149 சதுரடி. அந்த வித்தியாசத்துக்கு மட்டும் தீர்வையும் கட்டணமும் 20,115 ரூபாய். எந்தப் பரப்பைக் கிரயத்தில் எழுதுவது என்பதை வாங்குபவரோடும் வழக்கறிஞரோடும் முன்பணம் கைமாறும் முன்பே பேசி, ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

கையெழுத்துக்கு அனுப்பும் முன் கடைசியாக ஒரு வேலை. ஆங்கிலத் தாளில் இருக்கும் ஏக்கரை 43,560-ஆல் பெருக்கிப் பாருங்கள், அதே தாளில் இருக்கும் சதுரடி வர வேண்டும். சதுர மீட்டரை 10.764-ஆல் பெருக்கிப் பாருங்கள். எங்கள் இரண்டாவது தாளை அக்காவே அங்கிருந்து இப்படிப் போட்டுப் பார்த்துவிட்டு, "தம்பி, 0.11-க்கு 4,791.6 வருது, நீ 4,792-ன்னு போட்டிருக்க, சரிதானே?" என்று கேட்டார். சரிதான் என்றேன். மறுநாளே கையெழுத்துப் போட்டுவிட்டார்.